கையெழுத்து நோட்டீஸ் போட்டோவை டைப் பண்ணி போஸ்டரா மாத்துறது எப்படி

கேள்வி: கையால எழுதின ஒரு நோட்டீஸோட போட்டோ மட்டும்தான் என்கிட்ட இருக்கு. அதை நீட்டா டைப் பண்ணி ஏ4-ல போஸ்டர் மாதிரி பிரிண்ட் எடுத்து ஒட்டணும். போட்டோவையே கிளீன் பண்ணி அப்படியே எழுத்தா மாத்திக்க முடியுமா, இல்ல வேற வழி இருக்கா?

பதில்:

போட்டோவை கிளீன் பண்றதுல நேரம் போக்காதீங்க. அந்தப் போட்டோ உங்களுக்குப் படிக்கிறதுக்கு மட்டும்தான், போஸ்டர்ல அதுலேந்து ஒரு கோடு கூட வரப்போறதில்ல. வேலையில பாதிக்கு மேல அதுல என்ன எழுதியிருக்குன்னு தப்பில்லாம படிக்கிறதுதான், ஃபான்ட், கலர், பார்டர் எல்லாம் அதுக்கு அப்புறம். நிறைய பேர் நேரா டெம்ப்ளேட் தேட ஆரம்பிச்சுடுறாங்க, கடைசியில போஸ்டர் அழகா இருக்கும், ஆனா தேதியோ போன் நம்பரோ தப்பா இருக்கும். எனக்கே ஒரு தடவை அப்படி ஆச்சு, போன் நம்பர்ல ஒரு 1-ஐ 7-ன்னு படிச்சு 40 காப்பி ஒட்டின பிறகுதான் தெரிஞ்சுது, சம்பந்தமே இல்லாத ஒருத்தருக்கு நாள் பூரா போன் போயிருக்கு. அதுலேந்து படிக்கிற வேலையை நான் தனியா, முதல்ல, பொறுமையா முடிச்சுட்டுதான் அடுத்ததுக்குப் போவேன்.

ஒரு உதாரணத்தை வச்சே சொல்றேன். ஒரு குடியிருப்புல தண்ணி தொட்டி கழுவுறதுக்கான நோட்டீஸ், நோட்டுப் பேப்பர்ல நீல பேனாவால எழுதி, நாலா மடிச்சு, அப்புறம் பிரிச்சு போட்டோ எடுத்ததுன்னு வச்சுக்கோங்க. அதுல இருக்கிறது இது:

"அனைவருக்கும் வணக்கம் நமது கட்டிடத்தின் மேல்நிலை தண்ணீர் தொட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜூன் 14-ந் தேதி சுத்தம் செய்யப்பட இருப்பதால் அன்று காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை குழாயில் தண்ணீர் வராது எனவே அனைவரும் முதல் நாளே தேவையான தண்ணீரை பிடித்து வைத்து கொள்ளவும் 4 மணிக்கு மேல் முதலில் வரும் தண்ணீரை குடிக்க வேண்டாம் மேலும் விவரங்களுக்கு" அப்புறம் ஒரு போன் நம்பர்.

முழுக்க ஒரே வாக்கியம், கமா கிடையாது, புள்ளி கிடையாது. கையால எழுதுற நோட்டீஸ் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், பேசுற மாதிரியே எழுதிட்டுப் போயிடுவாங்க.

முதல்ல போட்டோ. பேப்பர் இன்னும் கைக்குக் கிடைக்கும்னா இன்னொரு தடவை எடுத்துடுங்க: ஜன்னல் பக்கத்துல மேஜை மேல தட்டையா வச்சு, ஃபிளாஷ் இல்லாம, போனை பேப்பருக்கு நேர் மேல சமமா பிடிச்சு, ரொம்ப கிட்டப் போகாம கொஞ்சம் தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடுங்க, கிட்டப் போனா ஓரத்துல இருக்கிற எழுத்து வளைஞ்சுடும், உங்க கை நிழலும் விழும். பேப்பர் கிடைக்காது, யாரோ சாட்ல அனுப்பின படம்தான் இருக்குன்னா, அதை படமா இல்லாம டாக்குமெண்டா திருப்பி அனுப்பச் சொல்லுங்க. படமா அனுப்புறப்போ பெரும்பாலான ஆப் அதை அமுக்கிடும், அதுல முதல்ல அடிபடுறது மெய்யெழுத்து மேல இருக்கிற புள்ளிதான்.

அதுக்கும் மேல மங்கலா இருந்தா ஒரு சின்ன வேலை செய்யலாம். கலர் படத்துல சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு அடுக்கு இருக்கு. நீல மை சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிடும், அதனால சிவப்பு அடுக்கை மட்டும் தனியா எடுத்தா நீல எழுத்து கிட்டத்தட்ட கறுப்பாவே தெரியும். சிவப்பு பேனாவால எழுதியிருந்தா இதுக்கு நேர் எதிர், சிவப்பு அடுக்குல எழுத்தே காணாமப் போயிடும், பச்சை அடுக்கைப் பார்க்கணும். கம்ப்யூட்டர்ல இமேஜ்மேஜிக் இருந்தா ஒரே வரி:

```
magick notice.jpg -channel R -separate red.png
```

பச்சைக்கு `R` இருக்கிற இடத்துல `G` போட்டா போதும். இது இல்லைன்னா போன்லயே கான்ட்ராஸ்ட்டை ஏத்தி கறுப்பு வெள்ளையா மாத்திக்கோங்க, ஓரளவு வேலை செய்யும்.

அடுத்து நீங்க கேட்டது, அப்படியே எழுத்தா மாத்துறது. படத்துல இருக்கிற எழுத்தைத் தானா படிச்சு டைப் பண்ணித் தர்ற ஓசிஆர் அச்செழுத்துக்கு நல்லா வேலை செய்யும். தமிழ் கையெழுத்துக்கு, அதுவும் அவசரமா எழுதினதுக்கு, நான் நம்பமாட்டேன். காரணம், அது தெரியாத எழுத்தை தெரியலைன்னு விடாது, பக்கத்துல வர்ற ஏதோ ஒரு எழுத்தைப் போட்டு நிரப்பிடும், நீங்களும் பார்வைக்கு சரியா இருக்கேன்னு தாண்டிப் போயிடுவீங்க. மேல இருக்கிற நோட்டீஸ் 50 வார்த்தைக்குள்ளதான், கையால டைப் பண்ண பத்து நிமிஷம் ஆகாது. ஓசிஆர் கொடுத்ததைத் திருத்த அதைவிட அதிக நேரம் ஆகும், தப்பும் நிறைய நிக்கும். பத்து பக்கம் இருந்தா வேற பேச்சு, ஒரு நோட்டீஸுக்கு வேண்டாம்.

டைப் பண்றப்போ ஒரே ஒரு கட்டுப்பாடு வச்சுக்கோங்க: முதல் தடவை எதையும் திருத்தாதீங்க. போட்டோவுல ஒரு வரி எங்க முடியுதோ அங்கயே நீங்களும் என்டர் தட்டுங்க, பிழை இருந்தா பிழையோடயே அடிங்க, சந்தேகமான எழுத்துக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடுங்க. வரிக்கு வரி அதே மாதிரி இருந்தா பின்னாடி ஒப்பிட்டுப் பார்க்க சுலபம், நடுவுல ஒரு வரி விட்டுப்போனாலும் உடனே தெரிஞ்சுடும். ஒரே வார்த்தை ரெண்டு வரியில வந்தா கண்ணு முதல் வரியிலேந்து ரெண்டாவதுக்குத் தாவிடும், இந்த நோட்டீஸ்ல "தண்ணீர்" நாலு இடத்துல வருது பாருங்க, அங்கதான் வரி காணாமப் போகும்.

கையெழுத்துல மாறிப்போற எழுத்துன்னு சிலது இருக்கு. புள்ளி வைக்காம விட்ட மெய்யெழுத்து, ஒத்தைக் கொம்பா ரெட்டைக் கொம்பான்னு தெரியாத ெ ே, துணைக்கால் மாதிரி இருக்கிற ர, அப்புறம் ன ண, ல வ. இதெல்லாம் பெரும்பாலும் வார்த்தையே காட்டிக் கொடுத்துடும், "தணணீர" ன்னு புள்ளி இல்லாம எழுதியிருந்தாலும் அது தண்ணீர்தான், வேற எதுவும் இருக்க முடியாது. பிரச்சினை எங்கன்னா, ரெண்டு விதமா படிச்சாலும் அர்த்தம் வர்ற இடத்துல. இந்த நோட்டீஸ்ல "குடிக்க வேண்டாம்"ங்கிற இடத்துல சரியா அந்த ரெண்டாவது எழுத்து மேல மடிப்பு விழுந்திருக்குன்னு வைங்க. அது "குடிக்க"வா "குளிக்க"வா? ரெண்டும் அந்த வாக்கியத்துல பொருந்தும். தொட்டியில மருந்து போட்டு கழுவியிருந்தா குளிக்கவும் கூடாதுன்னுதான் எழுதினவர் சொல்ல வந்தாரோ என்னவோ. இந்த மாதிரி இடத்துல ஊகிக்கவே கூடாது, எழுதினவர்கிட்ட கேட்டே ஆகணும்.

எண்கள்லயும் இதே கதைதான், ஆனா அங்க ஒரு நல்ல விஷயம் இருக்கு, சில எண்ணை வேற ஒண்ணை வச்சு சரிபார்க்கலாம். 14-ல இருக்கிற 4 மேல மூடின மாதிரி இருந்து 19 மாதிரி தெரிஞ்சா காலண்டரைப் பாருங்க, 2026-ல ஜூன் 14 ஞாயிறு, 19 வெள்ளி. நோட்டீஸ்ல ஞாயிற்றுக்கிழமைன்னு இருக்கு, அப்ப 14-தான். (கிழமையும் தேதியும் ஒட்டவே இல்லைன்னா எழுதினவரே தப்பு பண்ணியிருக்கார், அதையும் கேட்டுடுங்க, நீங்களா ஒண்ணை முடிவு பண்ணாதீங்க.) காலை 7-ஆ 1-ஆன்னு சந்தேகம் வந்தா, காலை 1 மணின்னு யாரும் சொல்லமாட்டாங்க, அதனால 7. மாலை 4-ஆ 9-ஆன்னா, 9-ஆ இருந்தா இரவுன்னு எழுதியிருப்பார். போன் நம்பருக்கு மட்டும் இப்படி எந்தத் துணையும் கிடையாது, ஒவ்வொரு இலக்கமும் தனியா நிக்குது. அதனால இலக்கம் எத்தனைன்னு முதல்ல எண்ணுங்க, அப்புறம் அந்த நம்பருக்கு ஒரு தடவை போன் அடிச்சு, இது இந்த விஷயத்துக்கான நம்பர்தானான்னு கேட்டுடுங்க. அரை நிமிஷ வேலை. "குடிக்க"வா "குளிக்க"வாங்கிறதையும் அதே போன்லயே கேட்டுடலாம்.

எல்லாம் முடிஞ்சதும் ஒருத்தரை உட்கார வச்சு அவர் போட்டோவைப் பார்த்து சத்தமா படிக்கட்டும், நீங்க டைப் பண்ணதைப் பாருங்க. நீங்களே ரெண்டையும் பார்த்தா மனசுல இருக்கிறதைத்தான் கண்ணு படிக்கும்.

இந்த காப்பியை அப்படியே வச்சுட்டு இன்னொரு காப்பியில திருத்துங்க. "தண்ணீரை பிடித்து" அங்க "தண்ணீரைப் பிடித்து", "வைத்து கொள்ளவும்" அங்க "வைத்துக்கொள்ளவும்", இந்த மாதிரி சந்தி, புள்ளி, கமா வரைக்கும் நீங்க திருத்தலாம். வார்த்தையை மாத்துறதா இருந்தா கேட்டுட்டு மாத்துங்க, ஏன்னா அது அவர் பேர்ல போற நோட்டீஸ்.

இப்பதான் போஸ்டர். இங்க நடக்கிற பெரிய தப்பு, அந்த நீளமான வாக்கியத்தை அப்படியே பெரிய எழுத்துல நடுவுல ஒட்டி சுத்தி பார்டர் போடுறது. அது டைப் பண்ண கடிதம், போஸ்டர் இல்ல. நடந்து போறவர் ஒருத்தர் ரெண்டு மூணு செகண்ட்தான் பார்ப்பார், அந்த நேரத்துல அவருக்கு எது போய்ச் சேரணும்? தொட்டி கழுவுறாங்கங்கிறது இல்ல, தண்ணி வராதுங்கிறதுதான். எழுதினவர் காரணத்தை முன்னாடி சொல்லி விளைவை பின்னாடி சொல்லியிருக்கார், பேச்சுல அது சரி, போஸ்டர்ல தலைகீழா வரணும். நான் இப்படி அடுக்குவேன்:

தண்ணீர் வராது

ஞாயிறு, ஜூன் 14
காலை 7 மணி முதல்
மாலை 4 மணி வரை

தேவையான தண்ணீரை
முதல் நாளே பிடித்து வைத்துக்கொள்ளவும்.

4 மணிக்கு மேல் முதலில் வரும்
தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

மேல்நிலைத் தண்ணீர் தொட்டி சுத்தம் செய்யப்படுகிறது.
விவரங்களுக்கு: (போன் நம்பர்)

வரி எங்க உடையுதுன்னு பாருங்க. "காலை 7" ஒரு வரியிலயும் "மணி முதல்" அடுத்த வரியிலயும் போயிடக்கூடாது, எண்ணும் "மணி"யும் சேர்ந்தே இருக்கணும். லிப்ரே ஆபீஸ்ல அந்த ரெண்டுக்கும் நடுவுல சாதா ஸ்பேஸுக்கு பதிலா `Ctrl+Shift+Space` அடிச்சா அது உடையவே உடையாது. மத்த இடத்துல பொருள் எங்க நிக்குதோ அங்க நீங்களே வரியை உடைங்க, சாஃப்ட்வேர்கிட்ட விட்டா தமிழ் வார்த்தையோட நீளத்துக்கு அது கன்னாபின்னான்னு உடைக்கும். அதே காரணத்துக்காக ரெண்டு ஓரமும் சமமா வர்ற ஜஸ்டிஃபை வேண்டவே வேண்டாம், ஒரு வரியில மூணு வார்த்தைதான் நிக்கும், நடுவுல பெரிய பெரிய ஓட்டை விழும். இடது பக்கம் சேர்த்து வைங்க, தலைப்பு மட்டும் வேணும்னா நடுவுல வரலாம்.

எழுத்தோட அளவுக்கு நான் பின்பற்றுறது: ஏ4 தாள் 210-க்கு 297 மில்லிமீட்டர், ரெண்டு பக்கமும் 20 மில்லிமீட்டர் விட்டா எழுத்துக்கு 170 மில்லிமீட்டர் அகலம் கிடைக்கும். தலைப்பை அந்த 170 முழுசும் நிறையற வரைக்கும் பெருசாக்குங்க, எத்தனை பாயின்ட்னு கவலைப்படாதீங்க, ஃபான்டுக்கு ஃபான்ட் மாறும், ண மாதிரி அகலமான எழுத்து வந்தா இன்னும் மாறும். தேதியும் நேரமும் தலைப்புல பாதிக்குக் கொஞ்சம் மேல. மத்த வரிகள் 24 பாயின்ட், கடைசி ரெண்டு வரி 18. நாலு அளவுக்கு மேல போகாதீங்க. குடிக்க வேண்டாம்ங்கிற வரி உடம்பு சம்பந்தப்பட்டது, அதுக்கு மட்டும் ஒரு கட்டம் போடுங்க, வேற எதுக்கும் கட்டம் வேண்டாம், அப்பதான் அது கண்ணுல படும். அழுத்தம் கொடுக்க இட்டாலிக் போடாதீங்க, நிறைய தமிழ் ஃபான்ட்ல தனியா சாய்வெழுத்து கிடையாது, சாஃப்ட்வேர் நேர் எழுத்தை சும்மா தள்ளி சாய்ச்சுடும், பார்க்க அசிங்கமா இருக்கும். போல்ட் போதும்.

ஃபான்டுக்கு ரொம்ப அலைய வேண்டாம், `Noto Sans Tamil`, `Mukta Malar`, `Catamaran` இதுல ஏதாவது ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, மூணும் இலவசம், மூணுலயும் மெலிசுலேந்து தடிமன் வரைக்கும் பல கனத்துல வரும், அதனால தலைப்புக்கு தடிமன், மத்ததுக்கு சாதான்னு ஒரே குடும்பத்துல முடிச்சுடலாம். எல்லாமே யூனிகோட். பழைய காலத்து ஃபான்ட்ல, பாமினி மாதிரி, டைப் பண்ண ஃபைல் இருந்தா அதை யூனிகோடுக்கு மாத்திட்டுதான் உள்ள கொண்டு வரணும், இல்லைன்னா ஃபான்டை மாத்தின உடனே எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமா ஆயிடும்.

வரி இடைவெளியில தமிழுக்குக் கொஞ்சம் தாராளமா விடணும். மேல் வரியில து, ளு, ரூன்னு கீழ இறங்குற எழுத்தும், கீழ் வரியில ணீ, ர், டின்னு மேல ஏறுற எழுத்தும் நேருக்கு நேர் வந்தா முட்டிக்கும், முட்டினா புள்ளி எந்த எழுத்தோடதுன்னே தெரியாது. எழுத்து அளவுல 1.4 மடங்குல ஆரம்பிச்சு, முட்டுற இடம் இருக்கான்னு ஒவ்வொரு வரியா பார்த்து ஏத்துங்க.

எந்த சாஃப்ட்வேர்னு கேட்டா, உங்களுக்குப் பழக்கமானது எதுவா இருந்தாலும் சரி, ஆனா முதல்ல "தொட்டி"ன்னு ஒரு வார்த்தை அடிச்சுப் பாருங்க. கொம்பு த-வுக்கு முன்னாடியும் கால் பின்னாடியும் ஒழுங்கா வந்தா சரி. கொம்பு இடம் மாறி பின்னாடி நின்னாலோ, புள்ளி போட்ட வட்டம் ஒண்ணு தெரிஞ்சாலோ அந்த சாஃப்ட்வேர் தமிழ் எழுத்தைக் கோக்கலைன்னு அர்த்தம், ஃபான்ட் மேல தப்பில்ல, எத்தனை ஃபான்ட் மாத்தினாலும் சரியாகாது. இன்டிசைன்ல இது வந்தா பாராகிராஃப் பேனல் மெனுவுல `Adobe World-Ready Paragraph Composer` தேர்ந்தெடுத்தா சரியாயிடும். ஸ்க்ரைபஸ்ல 1.4 பதிப்பு தமிழுக்கு உதவாது, 1.6 வச்சுக்கோங்க. லிப்ரே ஆபீஸ் எழுத்தை சரியா கோக்கும், ஆனா அங்க வேற ஒரு சிக்கல், தமிழை அது தனி வகையா வச்சிருக்கு, கேரக்டர் டயலாக்ல வெஸ்டர்ன் பகுதியில அளவை மாத்தினா தமிழ் எழுத்து அசையாது, எண்கள் மட்டும் மாறும், அதுல "14" பெருசாவும் "ஜூன்" சின்னதாவும் நிக்கும். அங்கயே, பதிப்பைப் பொறுத்து, `CTL Font`னோ `Complex`னோ இன்னொரு பகுதி இருக்கும், ரெண்டுலயும் ஒரே ஃபான்ட், ஒரே அளவு போடணும்.

முடிஞ்சதும் பிடிஎஃப்பா எடுங்க. ஃபான்ட் உள்ள பதிஞ்சிருக்கான்னு பார்க்க, கம்ப்யூட்டர்ல பாப்ளர் டூல்ஸ் இருந்தா, ஒரு வரி இருக்கு:

```
pdffonts poster.pdf
```

அதுல `emb` கீழ எல்லா வரியிலயும் `yes` இருக்கணும். `no` இருந்தா உங்க கம்ப்யூட்டர்ல ஒழுங்கா தெரியும், அந்த ஃபான்ட் இல்லாத வேற இடத்துல திறந்தா கட்டம் கட்டமா வரலாம். பிரிண்ட் கொடுக்கிறப்போ "ஃபிட்" போடாம 100 சதவீதம் வைங்க, இல்லைன்னா நீங்க கணக்கு போட்ட ஓரம் எல்லாம் மாறும்.

முதல்ல ஒரே ஒரு காப்பி, சாதா கறுப்பு வெள்ளையில. எங்க ஒட்டப் போறீங்களோ அங்கயே ஒட்டி, ஆள் நடந்து போற தூரத்துல, ஒரு மூணு மீட்டர் தள்ளி நின்னு பாருங்க. தலைப்பும் தேதியும் நேரமும் அங்கேந்தே தெரியணும், மீதி கிட்ட வந்து படிச்சா போதும். தேதி தெரியலைன்னா வணக்கம், காரணம், அலங்காரம் இதுல எதையாவது சுருக்கி அதுக்கு இடம் கொடுங்க, எல்லாத்தையும் ஒரே மாதிரி குறைக்காதீங்க. நான் மேல அடுக்கினதுல "அனைவருக்கும் வணக்கம்" விட்டுட்டேன், எழுதினவருக்கு அது வேணும்னா உச்சியில சின்னதா போட்டுக்கலாம், தலைப்போட போட்டி போடாம இருந்தா சரி.

அந்த காப்பியை எழுதினவர்கிட்ட காட்டி, தேதி, நேரம், நம்பர் மூணையும் அவர் வாயாலயே படிக்கச் சொல்லுங்க. அவர் சரின்னு சொன்ன பிறகு மீதி காப்பி எடுங்க. சாட்லயும் அனுப்பணும்னா பிடிஎஃப்பையே அனுப்பலாம், இல்ல படமாத்தான் வேணும்னா 300 டிபிஐ-ல பிஎன்ஜியா எடுங்க, ஏ4-க்கு 2480-க்கு 3508 பிக்சல் வரும், அதையும் டாக்குமெண்டாவே அனுப்புங்க.